மன்னிப்பில் தொடங்கிய புகார்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே நகல் எடுக்கும் கடையில், ஜன்னலோர மேசை மொழிபெயர்ப்பாளர் அக்காவுடையது. பல்கலைக்கழக அலுவலகம் ஆங்கிலத்தில் வரும் கடிதங்களை மட்டுமே வாங்கும் என்பதால் அவருக்குப் பிழைப்பு நடந்தது. அதற்குமுன் ஒரு தனியார் நிறுவனத்தின் வரவேற்பறையில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர். எதிரில் இருப்பவர் கோபப்படுவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிடுவது அங்கே படிந்த பழக்கம். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பணிவு அக்கா'. அவருக்கு அதில் பெருமைதான்.

ஒரு தையற்காரரின் மகள், இரண்டாம் ஆண்டு மாணவி, ஒரு புகாரோடு வந்தாள். உதவித்தொகை வரவில்லை. அவள் வங்கிக் கணக்கு எண்ணைச் சரியாகத்தான் கொடுத்திருந்தாள். அலுவலகத்தில் பதியும்போது ஓர் இலக்கம் மாறிவிட்டது. வங்கி திருப்பி அனுப்பிய பணம் மாதக்கணக்கில் அலுவலகத்திலேயே கிடந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் கட்டணம் கட்ட வேண்டும்; கட்டாவிட்டால் தேர்வுக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. தமிழில் காரமாகவே எழுதியிருந்தாள்.

"அப்படியே போடுங்கக்கா" என்றாள்.

"ஆபீஸுக்கு இப்படியா எழுதுவாங்க? நம்ம காரியம் ஆகணும்ல, கொஞ்சம் குனிஞ்சுதான் போகணும்."

அக்கா குனிந்தார். கணக்கு எண்ணில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறேன், சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று ஆங்கிலக் கடிதம் தொடங்கியது. பிழை யாருடையது என்ற வரி மரியாதைக்காக விடுபட்டது. ஆங்கிலம் அழகாக இருந்தது. அந்தப் பெண் நம்பிக் கையெழுத்திட்டாள்.

பதில் வர நாளாகவில்லை. விதிப்படி, அலுவலகத் தவறென்றால் பணத்தை உடனே அனுப்ப வேண்டும். மாணவர் தவறென்றால் அடுத்த தவணையோடுதான். மாணவியே தவறை ஒப்புக்கொண்டிருப்பதால் அடுத்த தவணை என்று எழுதியிருந்தார்கள்.

அக்கா தமிழ் மூலத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். தப்பு தன்னுடையது என்று அங்கேயும் மன்னிப்புக் கேட்டார். எழுத்தர் அந்தத் தாளைத் தொடவே இல்லை.

"கையெழுத்து போட்டது அந்தப் பொண்ணுதானேம்மா? எங்களுக்கு இங்கிலீஷ்ல வந்ததுதான் கடிதம். வேணும்னா புதுசா ஒண்ணு குடுங்க, கமிட்டி கூடும்போது பாப்பாங்க."

புதுக் கடிதத்தில் வருத்தமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அவள் எழுதியது எழுதியபடியே ஆங்கிலத்தில் இருந்தது. குழு கூடியது, தவறு அலுவலகத்துடையது என்று ஏற்றது, பணமும் முழுதாக வந்தது. அதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. உடன் படித்தவர்கள் மூன்றாம் ஆண்டுக்குப் போனார்கள். அவள் அதே பாடங்களை மறுபடி படிக்க வேண்டும். உதவித்தொகையோ ஒரே ஆண்டுக்கு இரண்டு முறை கிடைக்காது.

ஒரு மதியம் கடைக்கு வந்து இரண்டாம் கடிதத்துக்கான கூலியை மேசைமேல் வைத்தாள். அக்கா அதைத் தள்ளிவிட்டு, வேண்டாம்மா என்றார்.

"மன்னிப்புக் கேட்டு எழுதினதுக்கு வாங்கினீங்கல்ல? கேக்காம எழுதினதுக்கும் வாங்கிக்கங்க."

அக்கா வாங்கிக்கொண்டார். மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.