ஊட்டி என்று போட்ட எங்கள் சூரியோதயம்

ஜவ்வாதுமலையின் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் சாமைக் கொல்லை ஓரம் மூன்று கூடாரங்களைக் கட்டிவிட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்காகக் காத்திருந்தான் என் அண்ணன் ஆனந்தன். திங்கட்கிழமைக்குள் யாரும் வராவிட்டால், மிளகு பறிக்கக் கேரளாவுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் அவனும் போயாக வேண்டும்.

கூடாரத்து வாசலிலிருந்து அவன் எடுத்த சூரியோதயப் படத்தை இன்ஸ்டாகிராமில் போடும் பொறுப்பு, வீட்டின் முதல் பட்டதாரியான என்னுடையது. சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி, ‘மேகத்துக்கு மேலே ஒரு காலை’ என்று எழுதினேன். எங்கள் மலையை யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்து, ஹேஷ்டேக்கில் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று பெரிய பெயர்களாகவே போட்டேன்.

லைக் ஆயிரக்கணக்கில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பாறைக்கு அழைத்துப் போய்க் கமெண்டுகளைக் காட்டினேன். ஊட்டியில் இது எந்த இடம் என்றுதான் எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

“இன்னா நதியா, நம்ம மலை பேரு எங்க?”

“அத போட்டா யாருண்ணா பாப்பாங்க?”

“இப்ப பாத்தவங்கல்லாம் ஊட்டிக்கு பஸ் ஏறிட்டாங்களே!”

சிரித்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எல்லாவற்றையும் அழித்து, ஜவ்வாதுமலை, நெல்லிவாசல்நாடு என்று மாற்றினேன். வரும் வழியையும் அண்ணன் நம்பரையும் சேர்த்தேன். பதிவு பழையதாகிவிட்டதால், புதிதாக யாரிடமும் அது போய்ச் சேரவில்லை. சொந்த மலைக்குக் கூச்சப்பட நான் எங்கே கற்றுக்கொண்டேன்?

திங்கள் காலை அண்ணன் ஜீப்பில் ஏறினான்.

“நாளைக்கு நீயே படம் எடு. பேர மட்டும் மாத்தாத” என்றான்.