பெயர் கழற்றிய சட்டைகள்

வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் சட்டைக் கடை முதலாளி கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. கார் கதவைப் பிடித்தபடியே சொன்னார்: "மூணு மாசம் டைம். அதுக்குள்ள கிடங்கு காலியாகலைன்னா வாசல்ல பாதி விலை போர்டு மாட்டச் சொல்லிடுவேன். நீயும் வேற வேலை பாத்துக்க."

கிடங்கைப் பார்த்துக்கொள்பவளின் கழுத்தில் எந்நேரமும் ஒரு கத்தரி தொங்கும். அதனால் கடையில் அவள் பெயரே கத்தரி. அவள் சேர்ந்த பதினொரு வருடத்தில் அந்த வாசலில் தள்ளுபடிப் பலகை ஏறியதில்லை. போன மாதம் முழு விலை கொடுத்தவர் பலகையைப் பார்த்தால், அடுத்த பலகை வரும்வரை கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

வந்த மாதவாரியாகச் சட்டைகளைப் பிரித்தாள். ஆறு மாதத்துக்கு உட்பட்டவை செத்த சரக்கல்ல. பின்வரிசையில் மறைந்து கிடந்தவை. அவற்றை முன்னால் பொம்மைகளுக்கு மாட்டியதும் நகர ஆரம்பித்தன. சிலவற்றில் நடு அளவுகள் தீர்ந்து, சின்னதும் பெரியதும் மட்டும் மிஞ்சியிருந்தன. கிளைக் கடையில் கிடந்த நடு அளவுகளை வரவழைத்து வரிசையை நிரப்பினாள். அவையும் போயின.

மிஞ்சியது முதலாளி ஆசையாக எடுத்த நிறம். மஞ்சளிலும் சேராது, ஆரஞ்சிலும் சேராது. வாடிக்கையாளர்களைத் தனித்தனியாக அழைத்து, இரண்டு சட்டை வாங்கினால் இது ஒன்று இலவசம் என்றாள். எழுபது போயிற்று. நூற்று நாற்பது நின்றது.

வெளியூர்ச் சந்தைகளுக்கு அனுப்பும் மொத்த வியாபாரி வந்து பார்த்தார். "லேபிளோட குடும்மா. விலை கூடப் போட்டுத் தர்றேன்."

"லேபிள் வராது. இந்த ஊர்லயும் விக்கக் கூடாது. அப்படின்னா எடுத்துக்கங்க."

"பேரில்லாத புள்ளைய எவன் கொஞ்சுவான்?" என்று முனகினாலும் ஒத்துக்கொண்டார்.

கழுத்து லேபிள், பக்கத் தையலில் கடைப் பெயரோடு இருந்த சலவைக் குறிப்பு, இரண்டையும் வெட்டினாள். மூட்டை கட்டி முடியும் நேரம், வண்டியும் வந்துவிட்டது. கடைசிச் சட்டையை மடித்த கடைத் தையல்காரரின் கை நின்றது.

"கத்தரி, இந்தப் பொத்தானப் பாத்தியா?"

ஒவ்வொரு பொத்தானிலும் கடையின் முதலெழுத்து செதுக்கியிருந்தது. மெனக்கெட்டுச் செய்ய வைத்தவளே அவள்தான்.

"இதையும் மாத்தியாகணும், அண்ணே."

"எவன் சட்டைப் பொத்தானப் படிச்சுக்கிட்டு நிக்கப் போறான்? ஏத்திவிடு."

அவள் வண்டியைத் திருப்பி அனுப்பினாள். சட்டைக்கு ஏழு பொத்தான். நாலு நாள் இருவரும் உட்கார்ந்து அத்தனையையும் மாற்றினார்கள். கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கிடங்கு காலியானது. முதலாளிக்குத் தகவல் சொன்னாள். எப்படி என்று அவர் கேட்கவில்லை. பலகை ஏறவில்லை, அவள் வேலையும் போகவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து முதலாளி ஊர் திரும்பி, வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அங்கிருந்து அவளுக்கு ஒரு படம் வந்தது. சந்தைக் கடையில் மாட்டியிருந்த சட்டை, அந்த நிறம். கீழே எழுதியிருந்தார்:

"பாத்தியா, எவனோ நம்ம கலரக் காப்பியடிச்சிருக்கான். பேருகூடப் போடல. இந்தக் கலர் ஓடும்னு நான் அன்னைக்கே சொன்னேன்."