எட்டாவது ஆள் உட்காரக் கூடாது

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பெரியக்காவுக்கு நாற்காலி கிடையாது. பதினாறு வருஷமாக நின்றே துணி மடிக்கிறாள். கயிறு இழுக்கும் போட்டியில் எட்டாவதாக, நங்கூரமாக நிற்பவளும் அவள்தான். கயிறு அக்குளில் நுழைந்து, முதுகில் குறுக்கே ஏறி, மறுதோள் வழியாக முன்னே இறங்கும். முடிச்சுப் போடக் கூடாது.

கடைசி இழுப்பில் இரண்டு முறை வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். உடனே எழவில்லையென்று இரண்டு முறையும் எச்சரித்தார் நடுவர், பாவி மனுஷன்! இன்னொரு தடவை உட்கார்ந்தால் நாங்கள் எல்லாரும் வெளியே.

"அக்கா, உட்கார்ந்துடாதீங்க!" என்று ஏழாவது ஆளான நான் கத்தினேன். குதிகாலை மண்ணில் புதைத்து அப்படியே நின்றாள். விசில் ஒலித்தது, ஜெயித்துவிட்டோம்.

திரும்பினால், கயிற்றோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"எழுந்திருங்கக்கா, ஆட்டம் முடிஞ்சிருச்சு."

"அதனாலதான்டி உட்கார்ந்தேன்."