கூடுதல் கேட்டவரின் டெண்டர்

அறுபதுகளில் சங்கரன்கோவில் நெசவாளர் சங்கத்தில் நான் கணக்கராக இருந்தேன். நூல் மூட்டைகளை வைக்கக் கிட்டங்கி கட்ட இரண்டு டெண்டர்கள் வந்திருந்தன. தலைவரின் மைத்துனர் 10,200 ரூபாய் முழுவதையும் முன்பணமாகவே கேட்டிருந்தார். ஆளை அடிக்கத் தயங்காதவர். மற்றவர் கேட்டது 10,480. ஆனால் இப்போது 2,000, மீதி ஓராண்டு கழித்து.

"கூடக் கேட்டவனுக்கா குடுக்கச் சொல்லுதீரு?" என்றார் தலைவர்.

வாசலில் மைத்துனர் உலாத்திக்கொண்டிருந்தார்.

"நம்ம பணம் பாங்கியில வருசத்துக்கு நூத்துக்கு ஆறு வட்டியில கெடக்கு அண்ணாச்சி. அடுத்த வருசம் 8,480 குடுக்க இன்னைக்கு 8,000 இருந்தாப் போதும். முன்பணம் ரெண்டாயிரத்தையும் சேத்தா இன்னைய மதிப்புல பத்தாயிரந்தான். உங்க மைத்துனருது எரநூறு கூட."

தலைவர் என் கணக்குத் தாளை வாங்கித் தானும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

"கணக்கு சரிதான் வே," என்றார் கடைசியில். "வெளிய நிக்கான். நீரே போயி சொல்லும்."