பொட்டாசியம் கட்டம்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். எம்.டி. முடிக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது, ஆனால் பேராசிரியரின் தோரணை எனக்கு முன்கூட்டியே வந்துவிட்டிருந்தது. வார்டில் நான் வாயைத் திறந்தால் சிஸ்டர்கள் வேறு வேலை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் படுக்கையில் மர்பி டவுனைச் சேர்ந்த ஆட்டோக்காரர். மூளையைச் சுற்றிய உறையில் பூஞ்சைத் தொற்று. வந்த அன்றே ஒருமுறை வலிப்பும் வந்ததால் அதற்கும் மாத்திரை ஓடியது. பூஞ்சைக்கு ஆம்போடெரிசின். வெளிச்சம் படாமல் கறுப்புக் காகிதம் சுற்றிய டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில், மணிக்கணக்காகச் சொட்டும். மனிதர் குளிரில் கிடுகிடுவென நடுங்குவார். அவருடைய மனைவி இரண்டு கம்பளிகளைப் போர்த்தி மேலே அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

"இன்னா சார் மருந்து இது? வியாதியே தேவலாம் போல கீது" என்றார் அந்த அம்மா ஒரு நாள்.

கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? என்னோடு வார்டு சுற்றும் மூன்று மாணவர்களும் பக்கத்தில் நின்றார்கள். "பூஞ்சையோட செல்லைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கும்மா. அதுல எர்கோஸ்டெரால்னு ஒரு கொழுப்பு. இந்த மருந்து அதைப் போய்ப் பிடிச்சுக்கும். சவ்வுல ஓட்டை விழும். உள்ள இருக்கற பொட்டாசியம் உப்பெல்லாம் வெளிய ஒழுகி அது செத்துப்போகும்" என்றேன்.

"நம்ம செல்லுக்கு அந்தக் கொழுப்பு இல்லியா?"

"நமக்கு கொலஸ்டிரால். கிட்டத்தட்ட அதே ஜாடைதான்."

அந்த 'கிட்டத்தட்ட'வை நான் சும்மா சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்த அம்மா அதைப் பிடித்து வைத்துக்கொண்டார்.

இந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அதனால் முன்னாடியே சலைன் ஏற்றினேன், சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினினைத் தினமும் பார்த்தேன். அது பெரிதாக ஏறவில்லை. படுக்கையில் தொங்கிய பரிசோதனைத் தாளில் அதற்குப் பக்கத்திலேயே பொட்டாசியத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. லேபில் அந்த மெஷின் ரிப்பேர். வெளியே அனுப்பிப் பார்த்திருக்கலாம். நானோ ஐந்து நாளாக அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, கீழே 'நிலைமை சீர்' என்று அழகாகக் கையெழுத்துப் போட்டுவந்தேன்.

மருந்து ஆரம்பித்த எட்டாம் நாள் காலை ஆட்டோக்காரர் காலைத் தூக்க முடியவில்லை என்றார். படுத்தே கிடந்தால் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் நடங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் மனைவி. "அந்த உப்பு ஒழுகும்னு சொன்னீங்களே, பூஞ்சைக்கு. இவருக்கும் ஒழுகுதா? ஜாடை ஒண்ணுதானே, நீங்கதானே சொன்னீங்க?"

சிரித்தேன். ஆமாம், வெட்கம் கெட்டுச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் இருக்கும்போதே சிஸ்டர் தாளை நீட்டி, காலிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

ஈசிஜி மெஷினை நானே தள்ளிக்கொண்டு ஓடினேன். அலைகள் தட்டையாகிக் கிடந்தன, பின்னால் இருக்கக் கூடாத ஒரு மேடு. ரத்தத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வெளி லேபுக்குப் பறந்தேன். பொட்டாசியம் இரண்டு புள்ளி ஒன்று; மூன்றரைக்குக் கீழே போகக் கூடாது. மருந்து அவருடைய சிறுநீரகக் குழாய்களிலும் ஓட்டை போட்டு, உப்பைச் சிறுநீரில் இறக்கிக்கொண்டிருந்தது. இன்னும் இறங்கியிருந்தால் இதயம் நின்றிருக்கும். அந்தத் தாளில் அன்றைக்கும் 'நிலைமை சீர்' என்று எழுதியிருப்பேன், சந்தேகமே இல்லை.

சொட்டுச் சொட்டாகப் பொட்டாசியம் ஏற்றினோம். மானிட்டரைவிட்டு நான் அசையவில்லை. மறுநாள் அவர் முழங்காலை மடக்கினார். எனக்கு அழுகை வந்தது, கண்ணாடியைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் கட்டம் ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

இரண்டு வாரம் முடிந்ததும் ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கு மாற்றினோம். அந்த அம்மா தயாராக இருந்தார். "இது எங்க சார் ஓட்டை போடும்?"

"இது ஓட்டை போடாதும்மா. அந்தக் கொழுப்பைப் பூஞ்சை தயாரிக்கவே விடாது. சவ்வு சரியா அமையாம வளர்ச்சி நின்னுபோகும். ஈரல்ல சிலருக்குத் தொந்தரவு வரும், ரத்தம் பார்த்துக்கிட்டே இருப்போம்."

"வலிப்பு மாத்திரையோட சேருமா?"

"அதெல்லாம் சேரும்" என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"தெரியலைம்மா. புத்தகம் பார்த்துட்டு வரேன்."

மூன்று மாணவர்களும் என்னைப் பார்த்தார்கள். போய்ப் பார்த்தேன். வலிப்பு மருந்தை ஈரல் கரைக்கவிடாமல் இது தடுக்கும், அளவு ரத்தத்தில் ஏறித் தள்ளாட்டம் வரும் என்று போட்டிருந்தது. ரத்தத்தில் அளவு பார்த்து, வலிப்பு மாத்திரையைக் குறைத்தோம்.

வீட்டுக்குப் போகிற நாளில் அவர் மனைவியின் தோளைப் பிடித்தபடி தன் காலிலேயே நடந்தார். எட்டாம் படுக்கைக்காரரின் தங்கையிடம் அந்த அம்மா என்னைக் காட்டிச் சொன்னது காதில் விழுந்தது.

"நல்ல புள்ளதான். ஆனா நீ கேட்டுக்கிட்டே இரு. கேட்டாத்தான் பார்க்கும்."