காணாமல் போன நிக்காஹ்

தாம்பரத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்த காலம். ஒரு மதியம், ஒரு நிக்காஹ், அதாவது முஸ்லிம் கல்யாண வீடியோ இருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை மை கம்ப்யூட்டரில் காணவில்லை. மணப்பெண்ணின் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கேபிளை மாற்றினேன். டிஸ்க் டிக் டிக் என்றது. செத்துக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தேன். மின்சாரம் போதாவிட்டாலும் அப்படிச் சத்தம் வரும். இரண்டு யூ.எஸ்.பி. துளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரட்டை முனைக் கேபிளைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகியதும் டிக் டிக் நின்று, சீராகச் சுழன்றது. அப்போதும் காணவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். வீடியோ இருந்த பகுதி, பார்ட்டிஷன், பத்திரமாக இருந்தது. அதைக் காட்டும் E, F போன்ற டிரைவ் எழுத்துதான் இல்லை. ஒன்றைக் கொடுத்ததும் நிக்காஹ் திறந்தது.

"எதுக்குண்ணா இவ்ளோ டென்ஷன்? கேமராவுல எடுத்த கேசட்தான் கீதே" என்றார் அவர்.

"இருக்கு பாய்" என்றேன். அந்தக் கேசட்டின்மேல் போன ஞாயிறே இன்னொரு கல்யாணத்தைப் பதிவு செய்திருந்தேன்.