வானத்தின் முன் குட்டி முடிகள்

ஸ்டுடியோவில் படம் திருத்தும் அக்காவின் கைவேலை படு சுத்தம். வெளுத்த வானத்தின் முன் ஒரு பெண்ணை எடுத்த படத்தில், பக்கத்து வானத்தையே நகலெடுத்து வைத்து, பறந்து நின்ற முடிகளை ஒன்றுவிடாமல் மறைத்திருந்தாள். தலையின் ஓரம் வழித்தெடுத்தாற்போல் இருந்தது.

படத்திலிருந்த பெண் வந்து பார்த்ததும் முகம் சுண்டிப்போனாள்.

“என்னக்கா, மறுபடி விக்கை மாட்டிவிட்டுட்டீங்க? கேன்சர் சிகிச்சை முடிஞ்சு இப்பதான் சொந்த முடி முளைச்சிருக்கு. அதைக் காட்டத்தானே படமே எடுத்தேன்!”

“ஐயோ, பழக்கதோஷம்மா!”

நல்லவேளை, திருத்தமெல்லாம் அசல் படத்தின் மேல் தனி அடுக்காக, வேறு லேயரில் இருந்தது. ஓரத்தில் அதை அக்கா அழிக்க அழிக்க, அடியிலிருந்த குட்டி முடிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உச்சியில ஒண்ணு மட்டும் கொம்பாட்டம் நிக்குதே, எடுத்துடவா?”

“தொட்டீங்கன்னா கொன்னுடுவேன்!”

அக்கா சிரித்துக்கொண்டே பிரிண்ட் கொடுத்தாள்.